குடியா, கு³டியா? அண்ணாமலையார் வாசலில் ஒரு தெலுங்கு நோட்டு

சில மாதங்களுக்கு முந்தின ஒரு பௌர்ணமி அது. திருவண்ணாமலையில் ராஜகோபுரத்துக்குச் சற்றுத் தள்ளி, தேங்காய், பூ, கற்பூரம், அகல் விளக்கு விற்கும் என் பெரியம்மா மகளின் கடையில் இரவு பத்து மணிக்கு உட்கார்ந்திருந்தேன். கிரிவலக் கூட்டம் ஆறு மாதிரி போய்க்கொண்டிருந்தது. அதிலிருந்து எழுபது வயது மதிக்கத்தக்க ஒரு பாட்டி ஒதுங்கி வந்து, கடை முன்னால் நின்று அழ ஆரம்பித்துவிட்டார். கூட வந்தவர்களைத் தவறவிட்டிருக்கிறார். ஆந்திரப் பக்கம். கையில் ஒரு துண்டுச்சீட்டு. பேரன் எழுதிக் கொடுத்ததாம். பாட்டிக்குப் படிக்கத் தெரியாது.

அக்காவுக்குத் தெலுங்கு தெரியும் என்று அந்த வரிசையிலேயே பேர். சில ஆண்டுகளாக ஆந்திராவிலிருந்தும் தெலங்கானாவிலிருந்தும் வருகிறவர்கள் அதிகமாகிவிட்டதால், கடைக்காரர்கள், ஆட்டோக்காரர்கள் எல்லாருமே கொஞ்சம் தெலுங்கு பேசுகிறார்கள். அக்கா ஒரு நாற்பது பக்க நோட்டே வைத்திருந்தாள். தெலுங்குச் சொற்களைக் காதால் கேட்டு, தமிழ் எழுத்தில் எழுதி, பக்கத்தில் அர்த்தம் போட்ட நோட்டு. முந்நூறு சொல்லுக்கு மேல் இருக்கும்.

பாட்டி திரும்பத் திரும்பச் சொன்னது இரண்டே வார்த்தைதான். லிங்கம், அப்புறம் ஏதோ ஒன்று. அக்காவுக்கு அது பிடிபடவில்லை. சீட்டில் எழுதியிருந்த நம்பருக்குப் போட்டால் லைன் கிடைக்கவில்லை. பௌர்ணமி இரவில் அங்கே அது சகஜம். சீட்டில் மற்றதெல்லாம் தெலுங்கு எழுத்து. முந்நூறு சொல் தெரிந்த அக்காவுக்கு அதில் ஓர் எழுத்துகூடத் தெரியாது.

கடைசியில் பக்கத்து டீக்கடைத் தம்பி வந்து படித்தான். திருப்பதியில் ஓட்டலில் நாலு வருஷம் வேலை பார்த்தவன். “ஈசான்ய லிங்கம் பக்கத்துல ஒரு லாட்ஜ் பேரு போட்டிருக்கு அக்கா” என்றான். பாட்டி சொன்ன இரண்டாவது வார்த்தை அப்போதுதான் விளங்கியது. ‘பக்கத்தில்’ என்று அர்த்தம் தரும் சொல். கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். அதில் எட்டு லிங்கங்கள். ‘லிங்கத்துக்குப் பக்கத்தில்’ என்று மட்டும் வைத்துக்கொண்டு அந்த இரவில் எங்கே தேடுவது? ஆட்டோ வைத்து அனுப்பினோம். அரை மணியில் பேரனே போன் செய்து நன்றி சொன்னான்.

கூட்டம் கொஞ்சம் குறைந்த பிறகு அக்கா நோட்டைப் புரட்டினாள். எட்டாம் பக்கத்தில் அந்தச் சொல் இருந்தது. ‘தக்கர - பக்கத்தில்’ என்று எழுதியிருந்தாள். “எழுதி வெச்சிருக்கேன் தம்பி. அந்தம்மா சொன்னப்ப இதுதான் அதுன்னு தெரியலையே” என்றாள்.

இந்தக் கட்டுரை அந்த நோட்டைப் பற்றியது. புது மொழியைத் தமிழ் எழுத்தில் எழுதிவைத்துப் படிப்பது நம்மில் நிறைய பேர் செய்வதுதான். அது எங்கே கைகொடுக்கும், எங்கே காலை வாரும், எப்போது எப்படி அதை விடுவது என்பதை அக்காவின் நோட்டை வைத்தே பார்த்துவிடலாம்.

நோட்டு ஏன் நல்ல நோட்டு

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அக்கா செய்தது தப்பே இல்லை. தெலுங்கு எழுத்தைக் கற்றுக்கொண்டுதான் பேசுவேன் என்று அவள் உட்கார்ந்திருந்தால், முதல் மாதம் முழுக்க எழுத்திலேயே போயிருக்கும். கடைக்கு வந்தவர் தேங்காய் கேட்டால் முழித்திருப்பாள். நோட்டு இருந்ததால் இரண்டாம் நாளே ‘ஏம் காவாலி?’ என்று கேட்டாள். என்ன வேண்டும் என்று அர்த்தம். இக்கட என்றால் இங்கே, அக்கட என்றால் அங்கே, எக்கட என்றால் எங்கே. ரண்டி என்றால் வாங்க. வந்த என்றால் நூறு. இவை எல்லாவற்றையும் தமிழ் எழுத்தில் எழுதி அப்படியே படித்தால் தெலுங்குக்காரருக்கு நன்றாகப் புரியும்.

இன்னொரு லாபமும் உண்டு. நிறைய இளைஞர்கள் போனில் ஆங்கில எழுத்தில் தெலுங்கை எழுதிக்கொள்கிறார்கள். அதைவிடத் தமிழ் எழுத்து எவ்வளவோ மேல். தெலுங்கில் நம்மைப் போலவே எ வேறு, ஏ வேறு. ஒ வேறு, ஓ வேறு. ல வேறு, ள வேறு. ஆங்கில எழுத்தில் இந்த வித்தியாசம் எல்லாம் ஒன்றாகிப் போகும். பாலு என்றால் தெலுங்கில் பால். பள்ளு என்றால் பற்கள். கள்ளு என்றால் கண்கள். நாம் குடிக்கும் கள்ளுக்கு அங்கே கல்லு என்று பேர். கிரிவலம் முடித்து வந்து ‘காள்ளு நொப்பி’ என்று உட்காருகிறவர் கால் வலி என்கிறார். இவற்றை ஆங்கிலத்தில் எழுதிவைத்து ஒரு வாரம் கழித்துப் படித்தால், பல்லா பாலா, கண்ணா கள்ளா என்று நமக்கே சந்தேகம் வரும். தமிழில் எழுதினால் வராது.

ஆக, உயிர் நெடில் குறிலிலும் ல-ள, ந-ண, த-ட வேறுபாட்டிலும் நம் எழுத்து உறுதியான ஊன்றுகோல். அது சறுக்குவது ஒரே ஓர் இடத்தில்தான்.

குடி குடி வைபு

அந்த இடத்தைக் காட்ட ஒரு வாக்கியம் போதும். கோயில் எங்கே என்று கேட்கும் ஆந்திரக்காரருக்கு அக்கா தினமும் பத்து முறையாவது சொல்லும் பதில், ‘கோயில் வலது பக்கம்’. நோட்டில் அது இப்படி இருந்தது: குடி குடி வைபு.

எழுத்துப் பிழை இல்லை. தெலுங்கில் கோயிலுக்கும் வலதுக்கும் இரண்டு தனித்தனிச் சொற்கள். தமிழ் எழுத்தில் இரண்டும் ‘குடி’தான். கோயிலைக் குறிக்கும் சொல்லில் முதல் எழுத்தை, ‘அங்கு’ என்று சொல்லும்போது வரும் கு போல ஒலிக்க வேண்டும். வலது பக்கத்தைக் குறிக்கும் சொல்லில் ‘குதிரை’யில் வரும் கு. அக்கா இரண்டையும் குதிரையின் கு போலவே சொல்லிக்கொண்டிருந்தாள். கேட்டவர் காதில் ‘வலது வலது பக்கம்’ என்றுதான் விழுந்திருக்கும். கை காட்டியதால் தப்பித்தாள்.

ஏன் இப்படி ஆகிறது? நம் க, ச, ட, த, ப ஆகிய எழுத்துகள் ஒவ்வொன்றும் இடத்துக்குத் தக்கபடி ஒலி மாறும். சொல்லின் முதலில் வந்தாலும் இரட்டித்து வந்தாலும் அழுத்தமாக ஒலிப்போம்: பந்து, அப்பா. ம், ந், ண், ங் ஆகியவற்றுக்குப் பின்னால் வந்தால் மென்மையாக ஒலிப்போம்: அம்பு, பந்து என்பதில் வரும் து. இரண்டு உயிருக்கு நடுவில் ஒற்றையாக வந்தாலும் மென்மைதான்: படி, கதை. இந்த விதியை யாரும் நமக்குச் சொல்லித் தரவில்லை. தாய்மொழி என்பதால் நாக்கு தானாகச் செய்கிறது. அதனால் தமிழுக்கு ஒரு க போதும். தெலுங்கில் அப்படி இல்லை. அழுத்தமான க-வும் மென்மையான க-வும் எங்கே வேண்டுமானாலும் வரும். மாற்றினால் அர்த்தம் மாறும்.

வித்தியாசத்தைத் தெரிந்துகொள்ள ஒரு சுலபமான வழி உண்டு. தொண்டையில் இரண்டு விரலை வைத்துக்கொண்டு ‘அப்பு’ என்றும் ‘அம்பு’ என்றும் சொல்லிப் பாருங்கள். அம்பு சொல்லும்போது தொண்டை விடாமல் அதிர்கிறது. அப்பு சொல்லும்போது நடுவில் அதிர்வு நின்று மறுபடி வருகிறது. அதிர்கிற ஒலி, அதிராத ஒலி. கோயிலைக் குறிக்கும் சொல் அதிரும் கு-வில் தொடங்குகிறது. அவ்வளவுதான் விஷயம்.

இதே கோளாறு தலைகீழாகவும் வரும். எவ்வளவு விலை என்று தெலுங்கில் கேட்பதை அக்கா ‘எந்த’ என்று எழுதியிருந்தாள். எழுதியதைப் படித்தால் நம் ‘எந்த’ ஆகிவிடுகிறது. ந்-க்குப் பின்னால் வரும் த என்பதால் நாக்கு தானாக மென்மையாக்கிவிடும். தெலுங்கில் அங்கே ‘பத்து’ என்பதில் வரும் அழுத்தமான த வர வேண்டும். ஆரம்பத்தில் தேங்காயைக் கையில் எடுத்து ஒருவர் விலை கேட்க, எந்தத் தேங்காய் என்று கேட்கிறார் போல என்று அக்கா ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டிக்கொண்டிருந்த கதையும் உண்டு. மணியைக் குறிக்கும் சொல்லும் அப்படியே. அக்கா எழுதியது ‘கண்ட’. அதில் முதல் க அதிர வேண்டும், ட அதிரக் கூடாது. நாம் படிக்கும்போது இரண்டையுமே சரியாகத் தலைகீழாகச் செய்வோம்.

பாட்டி விஷயத்தில் நடந்ததும் இதுதான். ‘பக்கத்தில்’ என்ற சொல்லில் முதல் த-வும் அதிரும், இரட்டித்த க-வும் அதிரும். அக்கா ‘தக்கர’ என்று எழுதி, அழுத்தமாகப் படித்து, அப்படியே மனப்பாடம் செய்திருந்தாள். காதில் விழுந்தது வேறு, மனதில் இருந்தது வேறு. தப்பாக எழுதிய சொல்லை நம்மால் பேசக்கூட முடிந்துவிடும். எதிராளி ஊகித்துப் புரிந்துகொள்வார். ஆனால் அவர் அதே சொல்லைச் சரியாகச் சொல்லும்போது நமக்குப் புரியாது. நோட்டு காலை வாரிவிட்டது என்று தெரிந்துகொள்ள இதுவே முதல் அடையாளம்.

பாட்டுப் புத்தகம் கண்ட வழி

இந்தச் சிக்கலுக்குத் தமிழ்நாட்டில் ஏற்கெனவே ஒரு வழி உண்டு. உங்கள் வீட்டுப் பூஜை அறையில் பழைய சுலோகப் புத்தகம் இருந்தால் எடுத்துப் பாருங்கள். தமிழ் எழுத்துகளின் தலைக்கு மேல் 2, 3, 4 என்று குட்டி எண்கள் இருக்கும். வடமொழியில் நாலு வகை க உண்டு. எண் இல்லாத க சாதாரண அழுத்தமான க. 3 என்று போட்டால் அதிரும் க. 2-ம் 4-ம் மூச்சை வெளியே தள்ளிச் சொல்லும் க. கர்நாடக சங்கீதப் புத்தகங்களும் இப்படித்தான். திருவண்ணாமலை இறைவன் மேல் முத்துசுவாமி தீட்சிதர் சாரங்கா ராகத்தில் பாடிய கீர்த்தனையையும், தியாகராஜரின் தெலுங்குக் கீர்த்தனைகளையும் இங்கே எத்தனையோ பேர் தமிழ் எழுத்தில்தான் படித்துப் பாடுகிறார்கள். எண் போட்ட புத்தகம் அவர்களுக்கு உதவுகிறது. அதைவிட முக்கியம், குரு பாடிக் காட்டிய ஒலி ஏற்கெனவே காதில் இருக்கிறது. எழுத்து அதை நினைவூட்டுகிறது, அவ்வளவே.

கடைத் தெலுங்குக்கு நாலு எண்ணும் தேவையில்லை. அக்கா எடுத்துக்கொண்டது இரண்டுதான். அதையும் எல்லா எழுத்துக்கும் போடவில்லை. நாக்கு தமிழ்ப் பழக்கத்தில் தப்பு செய்யப்போகும் இடத்தில் மட்டும் போட்டாள். அதிர வேண்டிய இடத்தில் நாம் அழுத்திவிடுவோம் என்றால் 3. அழுத்த வேண்டிய இடத்தில் நாம் அதிரவைத்துவிடுவோம் என்றால் 1.

அப்படிப் போட்டால் கோயில் கு³டி, வலது குடி. விலை கேட்பது எந்த¹. மணி க³ண்ட¹. பக்கத்தில் என்பது த³க்³க³ர. பணம் ட³ப்³பு³லு. கோயில் வலது பக்கம் என்பது ‘கு³டி குடி வைபு¹’. குடி என்பதில் வரும் டி நடுவில் ஒற்றையாக இருப்பதால் நாம் தானாகவே சரியாகச் சொல்லிவிடுவோம். அங்கே எண் வேண்டாம். இக்கட, ரண்டி, வந்த ஆகியவற்றுக்கும் எண்ணே வேண்டாம். முந்நூறு சொல்லில் எண் தேவைப்பட்டது பாதிக்கும் குறைவு.

ச-வுக்கு அக்கா வைத்த விதி இன்னும் எளிது. ச என்று எழுதினால் எப்போதும் ‘அச்சம்’ என்பதில் வரும் ச. மற்றதற்கு ஸ. நாம் அருணாசலம் என்று எழுதி ஸ போலச் சொல்கிறோம். நம் ஊரை ஆந்திரக்காரர்கள் அந்தப் பேரில்தான் அழைக்கிறார்கள், ஆனால் அழுத்தமான ச போட்டு. ‘சாலு’ என்றால் போதும். அதை ஸாலு என்று சொன்னால் அவர்களுக்குப் புரியச் சற்று நேரமாகும்.

எண்ணாலும் காட்ட முடியாத ஒன்று உண்டு. பண்டு என்றால் பழம். தமிழ்ச் சொல்லின் கடைசியில் இப்படி டு, கு, து வந்தால் நாம் உதட்டைக் குவிக்காமல் பாதி உகரமாக விட்டுவிடுவோம். இலக்கணத்தில் குற்றியலுகரம் என்று படித்திருப்பீர்கள். தெலுங்கில் அது முழு உகரம். பசு, தெரு என்று சொல்லும்போது வரும் உ-வை அங்கே கொண்டு வர வேண்டும். இதைக் கேட்டுத்தான் பழக முடியும்.

எந்த மொழியானாலும் அக்கா கடைப்பிடித்த ஒரு வரிசையை விடக் கூடாது: முதலில் கேள், பிறகு சொல்லிப் பார், அவர் தலையாட்டினால் எழுது. புத்தகத்தில் தமிழ் எழுத்தில் இருப்பதைப் பார்த்து அப்படியே நோட்டில் ஏற்றினால், காதில் ஒலி இல்லாமல் வெறும் எழுத்து மட்டும் ஏறும். அப்போது நாம் படிப்பது தெலுங்கு எழுத்தும் இல்லை, தெலுங்கு ஒலியும் இல்லை.

எப்போது விட வேண்டும்?

எல்லாரும் விட்டே ஆக வேண்டும் என்று இல்லை. ஆட்டோ ஓட்டும் தம்பிக்கு முப்பது வாக்கியம் போதும், அதைத் தினமும் பேசுகிறார் என்றால், எண் போட்ட தமிழ் நோட்டே அவருக்கு நிறைவானது. சொல்லின் எண்ணிக்கை ஏறும்போது, அல்லது படிக்க வேண்டிய அவசியம் வரும்போதுதான் பிரச்சினை. துண்டுச்சீட்டு, கடைப் பலகை, பஸ் போர்டு, வாட்ஸ்அப் செய்தி எதுவும் நம் நோட்டில் இருக்கும் எழுத்தில் வராது. நோட்டு ஒருவழிப் பாதை. நாம் பேச உதவும். அவர்கள் எழுதியதைப் படிக்க உதவாது.

அந்தப் பாட்டி போன மறுநாள் அக்கா எழுத்தைத் தொடங்கினாள். மதியம் கோயில் நடை சாத்தியிருக்கும் நேரத்தில் கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருப்பாள். அந்த நேரத்தில் தினம் கால் மணி. அவள் தாண்டி வந்த படிகள் இவை.

முதல் படி, ஐந்து ஜோடி. முழு அரிச்சுவடியை அ முதல் தொடங்கவில்லை. நம் எழுத்து எங்கே தடுமாறுகிறதோ அங்கே தொடங்கினாள். அழுத்தமான க, அதிரும் க. இப்படியே ச-ஜ, இரண்டு ட, இரண்டு த, இரண்டு ப. மொத்தம் பத்து எழுத்து. அதிரும் க-வைத் தெலுங்கில் எழுதினால் கவிழ்த்த லாடம் மாதிரி இருக்கும், தலையில் ஒரு டிக். அந்த டிக்குக்குத் தலைகட்டு என்று பேர். நோட்டில் 3 போட்டிருந்த இடங்களில் எண்ணோடு இருந்த தமிழ் எழுத்தை அடித்துவிட்டு அந்த ஓர் எழுத்தை மட்டும் தெலுங்கில் எழுதினாள். சொல்லின் மீதி தமிழிலேயே இருந்தது. பார்க்கக் கலவையாக இருந்தாலும் இது பெரிய உதவி. புது எழுத்து ஒவ்வொன்றும் ஏற்கெனவே வாயில் இருக்கும் சொல்லுக்குள் வந்து உட்கார்ந்தது. பத்து எழுத்துக்கு இரண்டு வாரம் ஆனது. அத்தோடு எண்கள் எல்லாம் தேவையற்றுப் போயின.

இரண்டாம் படி, மீதி எழுத்தும் உயிர்க் குறிகளும். ம, ன, ர, ல, வ போன்றவற்றில் ஒலிச் சிக்கல் இல்லை, வடிவம் மட்டும்தான் புதிது. நம் இ, உ, எ குறிகளைப் போலவே அங்கேயும் குறிகள் உண்டு. அவற்றை வாரத்துக்கு இரண்டாக எடுத்துக்கொண்டாள். அவளைக் குழப்பியது ப-வும் வ-வும். இரண்டும் அச்சில் ஒன்று போலவே தெரியும். தலைகட்டு ஒட்டியிருந்தால் வ, விலகியிருந்தால் ப என்று பிடித்துக்கொண்டாள். அவளுக்குப் பிடித்துப்போனது சுன்னா. ங், ந், ண், ம் எல்லாவற்றுக்கும் பதிலாகத் தெலுங்கில் பல இடங்களில் ஒரு வட்டம் மட்டும் போடுவார்கள். அடுத்து வரும் எழுத்தைப் பார்த்து நாம் ஒலித்துக்கொள்ள வேண்டும். விலை கேட்கும் சொல் எ, ஒரு வட்டம், அழுத்தமான த. மூன்றே எழுத்து. “இதுல எந்தன்னு படிக்கவே முடியாதே தம்பி” என்று சந்தோஷப்பட்டாள். இரட்டிக்கும் மெய்யை முந்தின எழுத்தின் கீழே தொங்கவிடும் வழக்கத்தை மட்டும் கடைசிக்குத் தள்ளி வைத்தாள்.

மூன்றாம் படியில்தான் மாட்டிக்கொண்டாள். தெலுங்கில் ஒரு வரி, கீழேயே தமிழில் ஒரு வரி என்று எழுதத் தொடங்கினாள். ஒரு மாதம் ஓடியது. நன்றாகப் படிக்கிறோம் என்று நினைத்துக்கொண்டிருந்தாள். ஒருநாள் விளையாட்டாகத் தமிழ் வரிகளைக் காகிதம் வைத்து மறைத்துவிட்டு முப்பது சொல் படிக்கச் சொன்னேன். ஒன்பதுதான் வந்தது. தெரிந்த எழுத்து பக்கத்திலேயே இருக்கும்போது கண் தெரியாத எழுத்துக்குப் போகாது. இது யாருக்கும் நடப்பதுதான். ஜப்பானில் சிறுவர் புத்தகங்களில் கடினமான சித்திர எழுத்துக்குப் பக்கத்தில் அதன் ஒலியைச் சின்ன எழுத்தில் அச்சிடுவார்கள். ஃபுரிகானா என்று பேர். பிள்ளை வளர வளர, படித்துவிட்ட எழுத்துகளுக்கு அதை எடுத்துவிட்டு, புதிதாக வருவதற்கு மட்டும் வைப்பார்கள். ஊன்றுகோலை ஒரேயடியாகப் பிடுங்குவதும் இல்லை, கடைசி வரை விட்டுவைப்பதும் இல்லை.

அக்காவும் அதையே செய்தாள். நோட்டுப் பக்கத்தை நெடுக்காக மடித்து, முன்பக்கம் தெலுங்கு, மடிப்புக்குப் பின்னால் தமிழ். முதலில் வாய்விட்டுப் படிக்க வேண்டும். பிறகுதான் திருப்பிப் பார்க்கலாம். ஒரு சொல்லைத் திருப்பாமலே மூன்று நாள் தொடர்ந்து சரியாகப் படித்துவிட்டால், பின்னால் இருக்கும் தமிழைப் பேனாவால் அடித்துவிட வேண்டும். இரண்டு நாள் சரி, மூன்றாம் நாள் தப்பு என்றால் கணக்கு மறுபடி ஒன்றிலிருந்து. இப்படித் தமிழ்ப் பக்கம் கொஞ்சம் கொஞ்சமாகக் கறுத்துக்கொண்டே வந்தது. அடிபடாமல் மிஞ்சும் சொற்களைப் பார்த்தாலே எந்த எழுத்து இன்னும் பழகவில்லை என்று தெரிந்துவிடும். அவளுக்கு மிஞ்சியவற்றில் முக்கால்வாசி, கீழே தொங்கும் எழுத்து வரும் சொற்கள். பிறகு அவற்றை மட்டும் தனியாக எடுத்துப் படித்தாள்.

நாலாம் படி, புதுச் சொல்லுக்குத் தமிழ் இல்லை. பழைய சொற்களுக்குத் தமிழ் இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும். இன்று முதல் கேட்கும் சொல் நேராகத் தெலுங்கில் மட்டும் ஏறும், அர்த்தம் மட்டும் தமிழில். எழுத்துக்கூட்ட வரவில்லை என்றால் வாங்க வருகிறவரிடமே நோட்டை நீட்டி எழுதச் சொல்லிவிடுவாள். தெலுங்குக்காரர்கள் இதில் மகிழ்ந்து போகிறார்கள். ஒருவர் சொல்லை எழுதிக் கொடுத்துவிட்டு இரண்டு தேங்காய் அதிகம் வாங்கிக்கொண்டு போனார்.

விட்டுவிட்டோம் என்று எப்படித் தெரியும்? அக்கா சொன்ன அடையாளம் எனக்குப் பிடித்திருந்தது. ஒருநாள் பஸ் ஸ்டாண்டுக்குப் போயிருக்கிறாள். ஆந்திர அரசு பஸ் ஒன்று வந்து நின்றிருக்கிறது. “படிக்கணும்னு நான் பாக்கல தம்பி. அருணாச்சலம்னு அதுவா மனசுல ஓடிடுச்சு” என்றாள். எழுத்துக்கூட்டாமல், தமிழில் மாற்றிப் பார்க்காமல், பார்த்ததும் ஒலி வந்துவிட்டால் அந்தச் சொல்லுக்கு ஊன்றுகோல் இனி தேவையில்லை.

வாசலில் ஒரு பலகை

இதற்கெல்லாம் அவளுக்கு நாலு மாதம் பிடித்தது. இன்னும் வேகமாகப் படிக்க வராது. பேப்பர் படிக்கச் சொன்னால் தலைப்பு வரை வருவாள். ஆனால் சீட்டு, பலகை, விலைப் பட்டியல் எல்லாம் படித்துவிடுகிறாள்.

போன வாரம் போயிருந்தபோது கடை வாசலில் ஓர் அட்டை தொங்கியது. தினம் பத்து முறை சொல்லும் பதிலை அக்காவே தெலுங்கில் எழுதி மாட்டியிருந்தாள். கோயில் வலது பக்கம். நானும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, ஒன்பது பத்து வயதுப் பெண் குழந்தை ஒன்று அதைச் சத்தமாகப் படித்துவிட்டு, அம்மாவின் புடவையைப் பிடித்து இழுத்துச் சிரித்தது. அந்தம்மா வாயைப் பொத்திக்கொண்டு அக்காவிடம் விஷயத்தைச் சொன்னார்.

அவசரத்தில் இரண்டு சொல்லுக்கும் அழுத்தமான க-வையே போட்டிருக்கிறாள். வலது வலது பக்கம்.

அக்காவும் சிரித்துவிட்டாள். அட்டையைக் கழற்றி, ஸ்கெட்ச் பேனாவோடு சேர்த்து அந்தக் குழந்தை கையில் கொடுத்தாள். குழந்தை முதல் எழுத்தை அடித்து, மேலே கவிழ்த்த லாடமும் உகரக் குறியும் போட்டுத் திருத்தியது. அந்த அடித்தலும் திருத்தலுமாகவே அட்டை இப்போதும் அங்கே தொங்குகிறது.